மதிப்பாய்வாளரின் மூன்று கேள்விகள்

ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் கட்டுரையைத் திருத்தி அனுப்பினால் மறுபடி பரிசீலிப்போம்’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். கீழே மதிப்பாய்வாளர்களின் கருத்துகள். முதலாமவர் பாராட்டிவிட்டு இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுட்டியிருக்கிறார். இரண்டாமவர் நேராகக் கணக்கில் கை வைத்திருக்கிறார். மரபணு ஆய்வு செய்பவர்கள் பலருக்கும் இந்த மின்னஞ்சல் பழக்கமானது. இதற்கு எழுதும் பதில் கடிதம் சில நேரம் கட்டுரையைவிட நீளமாகிவிடும்.

கடிதத்தின் வடிவம் எளியது. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சொல்கூட விடாமல் எடுத்தெழுத வேண்டும். அதன் கீழே நம் பதில், அதற்கும் கீழே கட்டுரையில் எந்தப் பக்கத்தில் எந்த வரி மாறியது என்ற விவரம். கடினம் வடிவத்தில் இல்லை. ஒரு சந்தேகத்துக்குச் சொற்களால் பதில் சொல்வதா, புதிதாக ஒரு கணக்குப் போட்டுப் பதில் சொல்வதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் முடிவைப் பொய்யாக்கக்கூடிய ஒரு சோதனையைச் செய்து, அதன் விடை எதுவானாலும் காட்டுவதுதான் பதில். மற்றதெல்லாம் வாதம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நீரிழிவு உள்ள 1,000 பேர், இல்லாத 1,000 பேர். ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் 5 லட்சம் இடங்களை ஒரு சிப் வாசிக்கிறது. ஓர் இடத்தில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரிகிறது. இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு இரண்டரை லட்சத்தில் ஒன்று. ‘நீரிழிவுக்கான மரபணுப் பகுதியைக் கண்டறிந்தோம்’ என்று கட்டுரை எழுதப்படுகிறது. இப்போது கேள்விகள்.

முதல் கேள்வி: எத்தனை முறை தேடினீர்கள்?

இரண்டரை லட்சத்தில் ஒன்று என்றால் பெரிய விஷயமாகத் தோன்றும். ஆனால் தேடியது 5 லட்சம் இடங்களில். இரண்டரை லட்சம் பேருக்கு ஒரு பரிசு என்று உள்ள குலுக்கலில் 5 லட்சம் சீட்டு வாங்கினால் இரண்டு பரிசாவது விழும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நீரிழிவோடு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் சராசரியாக இரண்டு இடங்களில் தென்பட்டிருக்கும். வழக்கமான ‘நூற்றுக்கு ஐந்து’ அளவுகோலை வைத்திருந்தால் 25,000 இடங்கள் வெறும் தற்செயலில் தேறியிருக்கும். அதனால்தான் இந்தத் துறையில் 2 கோடியில் ஒன்று என்ற வரம்பு நிலைத்தது. மரபணுத் தொகுப்பு முழுவதையும் தேடுவது ஏறக்குறைய 10 லட்சம் தனித்தனிச் சோதனைகளுக்குச் சமம். நூற்றுக்கு ஐந்தைப் பத்து லட்சத்தால் வகுத்தால் வருவது அந்த எண்.

இங்கே பலர் எழுதும் பதில்: ‘இதே வரம்பை வேறு கட்டுரைகளும் பயன்படுத்தியிருக்கின்றன.’ இது பதில் ஆகாது. அந்தக் கட்டுரைகளும் தவறியிருக்கலாம். நேர்மையான பதில் இப்படி இருக்கும்:

‘மதிப்பாய்வாளர் சொல்வது சரி. எங்கள் முடிவு வரம்பைத் தாண்டவில்லை. ஆகவே முதல் ஆய்வில் சேராத 3,000 நோயாளிகளிடமும் 3,000 ஒப்பீட்டு நபர்களிடமும் இந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தோம். விடையைப் புதிய அட்டவணையில் தந்திருக்கிறோம். தலைப்பில் இருந்த “கண்டறிந்தோம்” என்ற சொல்லை நீக்கிவிட்டோம்.’

புதிய ஆட்களிடம் ஏன் சோதிக்க வேண்டும்? இரண்டாம் முறை சோதிப்பது ஓரிடத்தை மட்டும். ஒரே சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழுந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. அங்கே நூற்றுக்கு ஐந்து போதும். வித்தியாசம் முதல் ஆய்வில் இருந்த அதே திசையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆட்கள் ஏன் மூன்று மடங்கு? 5 லட்சம் இடங்களில் முதலிடம் பிடித்தது என்பதாலேயே அந்த இடத்தின் வித்தியாசம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கும். அடுத்த முறை அது சுருங்கும். சுருங்கினாலும் கண்ணில் படுகிற அளவுக்கு ஆட்கள் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: யாரை யாரோடு ஒப்பிட்டீர்கள்?

இந்தச் சந்தேகம் ஏன் எழுகிறது என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 1988-இல் வெளிவந்தது. கிலா நதிப் பகுதியில் வாழும் 4,920 பேரிடம், நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்றோடு சேர்ந்த மரபணு வடிவத்தைத் தேடினார்கள். அந்த வடிவம் இருந்தவர்கள் 293 பேர். அவர்களில் நீரிழிவு 8 விழுக்காடு. இல்லாத 4,627 பேரில் 29 விழுக்காடு. பார்த்தால், நீரிழிவிலிருந்து காக்கும் மரபணு கையில் கிடைத்துவிட்டது போலத்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே வாழ்ந்தவர்களில் பலர் பீமா பழங்குடி வம்சாவளியும் ஐரோப்பிய வம்சாவளியும் கலந்தவர்கள். அந்த மரபணு வடிவம் ஐரோப்பியரிடம் சாதாரணம், பீமா மக்களிடம் அபூர்வம். நீரிழிவோ பீமா மக்களிடம் மிக அதிகம். அந்த வடிவம் நோயைத் தடுக்கவில்லை. ‘இவருக்கு ஐரோப்பிய மூதாதையர் உண்டு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்களே இதைப் பிரித்துக் காட்டினார்கள். பாதி பழங்குடி வம்சாவளி உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, வடிவம் இருந்தவர்களில் நீரிழிவு சுமார் 28 விழுக்காடு, இல்லாதவர்களில் சுமார் 29. இருபத்தொரு விழுக்காட்டு வித்தியாசம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இன்று வம்சாவளியை வாயால் கேட்டு எழுத வேண்டியதில்லை. லட்சக்கணக்கான இடங்களில் யார் யாரோடு ஒத்துப்போகிறார் என்று கணினி பார்த்து, ஒவ்வொருவரையும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறது. உறவுடைய சமூகங்கள் அருகருகே விழும். அந்த வரைபடத்தின் முதல் பத்து அச்சுகளைக் கணக்கில் சேர்த்தால் வம்சாவளியின் பங்கு கழிந்துவிடும். பதில் கடிதத்தில் இந்தப் படமும், கழிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள முடிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னது மட்டும் இருந்தால் மதிப்பாய்வாளர் மறுபடி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. நோயாளிகள் எல்லோரும் ஒரு சமூகத்தவர், ஒப்பீட்டு நபர்கள் எல்லோரும் வேறு சமூகத்தவர் என்றால் எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. சமூகத்தைக் கழித்தால் நோயும் சேர்ந்து கழிந்துபோகும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் செய்துவந்த நம் நாட்டில், ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் ஒரே வம்சாவளி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மருத்துவமனையின் நோயாளிகளையும் ஒரு கல்லூரியின் மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு என்றால் இந்தக் கேள்வி அதற்கு முதல் கேள்வியாகவே வர வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எல்லோரையும் ஒரே சிப்பில்தான் வாசித்தீர்களா?

2010 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழின் இணையப் பதிப்பில் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. நூறு வயதைத் தொட்ட 1,055 பேரையும் 1,267 ஒப்பீட்டு நபர்களையும் ஆராய்ந்து, 150 இடங்களைக் கொண்டு ஒருவர் மிக நீண்ட ஆயுள் பெறுவாரா என்று 77 விழுக்காடு துல்லியமாகச் சொல்ல முடியும் என்றது. உலகமெங்கும் செய்தியானது. சில நாட்களிலேயே மற்ற மரபியலாளர்கள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நூறு வயதினரில் ஒரு பகுதியினரின் டி.என்.ஏ. வேறு வகைச் சிப்பில் வாசிக்கப்பட்டிருந்தது. அந்தச் சிப் சில இடங்களில் தவறாக வாசிக்கும்.

சிப் தவறாக வாசித்தால் நோயே இல்லாமல் நோய்த் தொடர்பு எப்படிப் பிறக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் இடத்தில் A அல்லது G எழுத்து வரும். G-யின் பங்கு 30 விழுக்காடு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. 1,000 பேரில் AA 490, AG 420, GG 90 பேர் இருப்பார்கள். இப்போது நோயாளிகளை வாசித்த சிப் மட்டும், நூறு AG நபர்களை AA என்று வாசித்துவிடுகிறது. நோயாளிகளின் பட்டியல் 590, 320, 90 ஆகிறது. G-யின் பங்கு 25 விழுக்காடாகத் தெரிகிறது. உண்மையில் துளியும் வித்தியாசமில்லாத இரண்டு குழுக்களுக்கிடையே ஐந்து விழுக்காட்டு வித்தியாசம் முளைத்துவிட்டது.

இதைப் பிடிக்க வழி உண்டு. G-யின் பங்கு உண்மையிலேயே 25 விழுக்காடு என்றால் AG நபர்கள் 375 பேரும் GG நபர்கள் 62 அல்லது 63 பேரும் இருக்க வேண்டும். இருப்பதோ 320-உம் 90-உம். எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அப்போது சிப் தந்த மூலப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு நபரும் ஒரு புள்ளி. நன்றாக வாசித்த இடத்தில் புள்ளிகள் மூன்று தனித்தனி மேகங்களாகத் திரண்டிருக்கும். கெட்ட இடத்தில் நடு மேகத்தின் ஓரம் பக்கத்து மேகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஆனால் தவறு சிறிதாக இருந்தால் இந்தக் கணக்கில் சிக்காது. நோயாளிகளிடம் எண்கள் ஒத்துவராததற்குச் சில நேரம் நோயே காரணமாகவும் இருக்கலாம். அதனால் மதிப்பாய்வாளரை நிறைவு செய்யும் பதில், சில நூறு பேரின் டி.என்.ஏ.வை வேறு முறையில் மறுபடி வாசித்து, இரண்டு வாசிப்பும் எத்தனை பேரிடம் ஒத்துப்போகின்றன என்று காட்டுவது. இன்னொரு வழி, ஒப்பீட்டு நபர்களில் இரண்டு தனிக் குழுக்களை ஒன்றோடொன்று மோதவிடுவது. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பு 2007-இல் அதைத்தான் செய்தது. 1958-இல் பிறந்தவர்களில் 1,500 பேர், ரத்த தானம் செய்தவர்களில் 1,500 பேர். இரு தரப்பும் நோயாளிகள் அல்ல. அங்கேயும் ஏராளமான ‘வித்தியாசங்கள்’ வந்திருந்தால் கோளாறு ஆய்வகத்தில்தான் என்று தெரிந்துவிடும்.

பாஸ்டன் குழு கடைசியில் செய்ததும் மறுவாசிப்புதான். 2011 ஜூலையில் ‘சயின்ஸ்’ கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தரவுகளைச் சரிபார்த்து, சந்தேகத்துக்குரியவற்றை நீக்கி, 2012-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் மறுபடி வெளியிட்டார்கள். 1,055 பேர் 801 ஆனார்கள். 1,267 பேர் 914 ஆனார்கள். மூன்றாம் கேள்விக்கான பதில் வெளியீட்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் இந்த இரண்டு ஆண்டுகளும் தேவைப்பட்டிருக்காது.

‘ஈலைஃப்’, ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ போன்ற இதழ்கள் இப்போது மதிப்பாய்வாளரின் கேள்விகளையும் ஆசிரியர்களின் பதில்களையும் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுகின்றன. நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ மரபணு கண்டுபிடித்ததாக அடுத்த முறை செய்தி வந்தால், அந்தப் பதில் கடிதம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் ஒன்றை மட்டும் தேடுங்கள்: கேள்வி வந்தபின் எந்த எண்ணாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால், யாரோ உட்கார்ந்து மறுபடி எண்ணியிருக்கிறார்கள்.