இரவு 2 மணிக்கு வலி வந்தால்: சுவரில் ஒட்ட வேண்டிய ஒரு தாள்



புற்றுநோய் முற்றி, இனி வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவைத்த ஒருவர் நம் மஹல்லாவில் எந்தத் தெருவிலும் இருக்கலாம். பகல் ஒரு மாதிரி கழிந்துவிடும். அக்கம்பக்கத்தார் வருவார்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலித்தணிப்பு செவிலியர் வருவார். சிக்கல் இரவில்தான். செவிலியர் வருவது பகலில் மட்டும். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு: வீட்டு ஆண்கள் பலர் நைட் ஷிப்டில் இருப்பார்கள், சில தொழிற்சாலைகளில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும் மருமகளோ மகளோதான் இரவு 2 மணிக்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த முடிவுகளைப் பகலிலேயே மருத்துவரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. எப்படி என்று புரிய ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். மாமியாருக்கு 62 வயது, எடை 42 கிலோ. மார்பகப் புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறது. இங்கே வரும் அளவுகள் அவருக்கு அவருடைய மருத்துவர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு அளவு வேறாகத்தான் இருக்கும். இதைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தாளின் முதல் வரி மார்பின் மாத்திரை. காலை 6, காலை 10, பகல் 2, மாலை 6 மணிக்கு 10 மில்லிகிராம். இரவு 10 மணிக்கு மட்டும் 20 மில்லிகிராம். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் நிற்கும். நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பாமல் இருப்பதற்காகவே படுக்கும்போது இரட்டிப்பாகத் தருகிறார்கள். இது தெரியாமல் “ராத்திரி டோஸ் அதிகமாக எழுதிவிட்டார்கள்” என்று பாதியைக் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பிறகு 3 மணிக்கு வலியில் அலறி எழுந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள். “ஃபஜ்ருக்கு ஒன்று, அஸருக்கு ஒன்று” என்று எழுதவும் வேண்டாம். வக்து மாறிக்கொண்டே இருக்கும். கடிகார மணியையே எழுதுங்கள்.

இரண்டாவது வரிதான் இரவுக்கு உரியது: இடையில் வரும் வலிக்கான கூடுதல் டோஸ். ஒரு நாளின் மொத்த மார்பினில் ஆறில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. இந்த அம்மாவுக்கு மொத்தம் 60 என்பதால் கூடுதல் டோஸ் 10 மில்லிகிராம். 2 மணிக்கு வலி வந்தால் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். வலி குறையாவிட்டால் 3 மணிக்கு இன்னொன்று. 4 மணிக்கும் குறையாவிட்டால் மூன்றாவதைத் தாமாகக் கொடுக்காமல் போன் செய்ய வேண்டும். கூடுதல் டோஸ் கொடுத்தாலும் காலை 6 மணி டோஸ் வழக்கம்போல உண்டு, அவரை எழுப்பிப் பேச முடிகிற வரை. ஒரு நாளில் மூன்று முறை கூடுதல் தேவைப்பட்டால் வழக்கமான அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர்தான் செய்வார்.

12 மணி நேரம் வேலை செய்யும் மார்பின் மாத்திரையும் உண்டு. அதைப் பொடிக்கவும் கூடாது, இடைவலிக்குக் கொடுக்கவும் கூடாது. எந்த அட்டை எது என்று செவிலியரிடம் கேட்டு, அட்டை மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

தாளின் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நோட்டும் பேனாவும் தொங்கட்டும். மருமகள் 1 மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கண்ணயர்வார். ஷிப்ட் முடிந்து 1.30க்கு வரும் மகன் தாயின் முனகலைக் கேட்டு இன்னொன்று கொடுப்பார். தவறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மணி, எத்தனை மாத்திரை, கொடுத்தது யார் என்று மூன்று விவரம் போதும்.

அளவு மீறியதை எப்படி அறிவது? முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இயல்பு. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னால் பயமில்லை. தோளைத் தட்டி எழுப்பியும் விழிக்காமல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, முழு ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சு 8க்கும் குறைவாக இருந்தால் அது ஆபத்து. அடுத்த டோஸை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். சிறுநீர் குறைந்து, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால் மருந்து உடலில் தேங்குகிறது என்று பொருள். அன்றிரவே சொல்ல வேண்டும்.

மற்ற வரிகள் சுருக்கமானவை. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், நாளுக்கு 4 முறை, அதற்கு மேல் இல்லை. எடை குறைவு என்பதால் இந்த அளவு. மார்பின் எடுக்கும்வரை மலச்சிக்கல் இருக்கும் என்பதால் பைசகோடைல் 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, தினமும் இரவில். மூன்று நாள் மலம் போகாவிட்டால் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். நோயாளி இரவில் காரணமில்லாமல் புரண்டு தவித்தால், மாத்திரையைத் தேடுவதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருந்தாலும் மலம் இறுகியிருந்தாலும் அப்படித்தான் தவிப்பார்கள். அதற்கு மார்பின் மருந்தல்ல. மூச்சு வாங்கினால் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறிக் காற்று முகத்தில் படும்படி திருப்புங்கள். சுற்றி நிற்பவர்கள் விலகட்டும்.

தாளின் கீழ்ப்பாதியில் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக எழுதுங்கள். முதலில், இரவில் போன் எடுக்க ஒப்புக்கொண்ட மருத்துவர் அல்லது செவிலியர். “எத்தனை மணி வரை கூப்பிடலாம்?” என்று நேரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் எடுக்காவிட்டால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. அடுத்து, மகன் வேலை செய்யும் கம்பெனியின் செக்யூரிட்டி கேட் எண், ஷிப்ட் சூபர்வைசர் எண். அவருடைய செல்போன் எண் மட்டும் போதாது. 108 எதற்கு என்பதையும் எழுதுங்கள்: எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு, கால்கள் திடீரென்று செயலிழப்பது. எலும்பில் பரவிய புற்றுநோயில் கால் பலவீனம் தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108 வந்ததும் நோட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொடுங்கள்.

மார்பின் எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்காது. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இருப்பு வைத்துத் தருகின்றன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் சிகிச்சை பெறுபவர்கள், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அங்கே கேளுங்கள். பண்டிகை விடுமுறையையும் கணக்கில் வையுங்கள். மாத்திரை பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். சாவி இருக்குமிடம் இரவில் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ரமலானில் பெரியவர்கள் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம் செய்வதுண்டு. நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதை இமாமை விட்டே சொல்லச் சொல்லுங்கள். பகல் டோஸ்களை ஸஹரிலும் இஃப்தாரிலும் சேர்த்துக் கொடுப்பது ஆபத்து. அவர் உறுதியாக இருந்தால் ரமலான் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள்.

கடைசி நாட்களுக்கும் ஒரு வரி வேண்டும். விழுங்க முடியாதபோது வாயில் மாத்திரையைத் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். மாற்று வழியை முன்பே கேட்டு வையுங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உதட்டை ஈரத்துணியால் நனைத்தால் போதும். கேட்கும் நமக்கு இருக்கும் அளவு அவருக்கு அந்தச் சத்தம் வேதனையாக இருப்பதில்லை. வஃபாத் ஆனால் இறப்புச் சான்றிதழுக்கு எந்த மருத்துவர் வந்து பார்த்து எழுதித் தருவார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அது தெரியாததால் ஜனாஸா தாமதமாகும் வீடுகள் இருக்கின்றன.