வெற்றிடமாக இருக்க வேண்டிய ஒரு வரி

மணிக்கட்டருகே ஆரை எலும்பு முறிந்து பிளேட் வைத்தால், அறுவை முடிந்ததும் மருத்துவர் ஒரு குறிப்பு எழுதுவார். பல இடங்களில் அதற்கு ஆயத்த வார்ப்பு உண்டு. எந்தக் கை, எந்த வழியாகத் திறந்தது, எத்தனை ஸ்க்ரூ என்று நிரப்பினால் போதும். ஆனால் "ஸ்க்ரூ எதுவும் பின்பக்கம் நீட்டவில்லை" என்ற வரி மட்டும் முன்கூட்டியே அச்சாகி இருக்கக் கூடாது. அது பார்த்தபின் எழுத வேண்டிய வரி.

காரணம் எலும்பின் வடிவம். அதன் பின்புறம் தட்டையல்ல. நடுவே ஒரு சிறு மேடு உண்டு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த மேடு, நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ நுனியை மறைத்துவிடும். மணிக்கட்டை மடக்கி, எலும்பின் பின்புற விளிம்பை ஒட்டிக் கதிரைச் செலுத்தி எடுக்கும் படத்தில்தான் நுனி தெரியும்.

ஒரு பெண்ணுக்குத் துளையின் ஆழம் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. பூட்டு ஸ்க்ரூ போட்டாலே பிடிப்புக் கிடைக்கும். 24 போட்டால் நுனி வெளியே நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாணை உரசும். மாதங்கள் கழித்து ஒருநாள் விரல் நிமிராது. அப்போது பழைய குறிப்பைப் புரட்டும் மருத்துவருக்கு வேண்டியது ஒவ்வொரு ஸ்க்ரூவின் நீளமும், அந்தப் படம் எடுக்கப்பட்டதா என்ற பதிலும்தான். இந்த இரண்டையும் வார்ப்பில் வெற்றிடமாகவே விடுங்கள். எழுதாமல் கையெழுத்திட முடியாதபடி.