பெயர் கேட்டு ஒரு கடிதம்

கல்லூரி விடுதியில் புதிதாக ஒரு பிளாக் எழும்பினால் எல்லோரும் அதை ‘புது பிளாக்’ என்றே கூப்பிடுவார்கள். சில ஆண்டுகளில் அதைவிடப் புதியது ஒன்று வந்து நிற்கும்போதுதான் பெயர் வைக்காமல் விட்டது உறைக்கும். உடனே விடுதிக் குழு மெஸ் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டும்: “புதிய கட்டடத்துக்குப் பெயர் சொல்ல விரும்புவோர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.” அந்த ஒற்றை வரிக்கு நடிகர் பெயர் வரும், ஊர்த் தலைவர் பெயர் வரும், ஒரே அறையிலிருந்து ஒரே பெயர் பத்துத் தாளில் வரும். குழு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தானே ஒன்றை வைக்கும். கேட்டதே கண்துடைப்பு என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். குறை அவர்களிடம் இல்லை, கடிதத்தில்தான் இருக்கிறது.

பெரிய அமைப்புகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் குழு 2016-ல் தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்கு மக்களிடம் பெயர் கேட்டது. வாக்குகளில் முதலில் வந்தது ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்ற விளையாட்டுப் பெயர். கடைசி முடிவு எங்களுடையது என்று விதியில் இருந்தும், வாக்குதான் தீர்மானிக்கும் என்று மக்கள் நம்பியிருந்தார்கள். கப்பலுக்கு சர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்து, வென்ற பெயரை அதன் ஆளில்லா நீர்மூழ்கிக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள். யார் முடிவெடுப்பார்கள் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது, பெயர்கள் எந்தக் குடும்பத்திலிருந்து வர வேண்டும் என்பது. சென்னை ஐஐடி விடுதிகளுக்குக் காவிரி, கோதாவரி, நர்மதா என்று நதிப் பெயர்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அப்படியே. அங்கே ‘பெரியார்’ என்றொரு விடுதி உண்டு. நமக்கு அது தலைவர் பெயராகக் கேட்கும், அங்கே அது கேரளத்து ஆறு. வரிசை ஒன்று இருந்தால் புதுப் பெயர் தேடுகிறவருக்கு எல்லை தெரிகிறது. சாதி, கட்சி, தனிமனிதர் என்ற சச்சரவும் பெரும்பாலும் எழுவதில்லை.

ஒரு பெண்கள் விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். காந்தள், வேங்கை, மருதம் என்று மூன்று பிளாக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. நான்காவதுக்குக் குழு இப்படி எழுதலாம்:

“அன்புள்ள மாணவியருக்கு, ஜூன் மாதம் திறக்கவிருக்கும் பிளாக்குக்குப் பெயர் தேவை. நம் பக்கத்தில் வளரும் மரம், செடி, கொடி அல்லது பூவின் பெயராக இருக்கட்டும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. அறை எண்ணுக்கு முன்னால் பெயரின் ஆங்கில முதலெழுத்தைப் போடுகிறோம் என்பதால் கே, வி, எம் மூன்றும் வேண்டாம். ஒருவர் ஒரு பெயர் மட்டும் தரலாம். பெயரோடு, ஏன் அது என்று இரண்டு வரி எழுதி, மார்ச் 15 மாலை 5 மணிக்குள் காப்பாளர் அறைப் பெட்டியில் போடுங்கள். எத்தனை பேர் ஒரே பெயரை எழுதினார்கள் என்பதைக் கணக்கில் கொள்ள மாட்டோம். மாணவியர் மூவரும் துணைக் காப்பாளரும் சேர்ந்து மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுப்போம், அவற்றுக்கு விடுதியினர் எல்லோரும் வாக்களிப்பீர்கள். அதிக வாக்கு பெற்றது முதல்வர் ஒப்புதலுக்குப் போகும்.”

முதலெழுத்து விதி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் முல்லை என்று யாராவது எழுதினால், மருதத்தின் 204-ம் முல்லையின் 204-ம் பதிவேட்டில் ஒன்றாகிவிடும். பார்சல் மாறும், மருந்து மாறும். வாகை வேங்கையோடு மோதும். தாழை, புன்னை, நொச்சி தப்பும். மிஞ்சியவற்றை வாசல் காவலரிடம் போனில் சொல்லிப் பார்க்க வேண்டும். இரைச்சலில் ஒருமுறை சொன்னதும் அவர் சரியாகத் திருப்பிச் சொல்கிற பெயர்தான் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வரும்போது உதவும்.

இரண்டு வரிக் காரணம் கேட்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். விளையாட்டுக்கு எழுதுகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். அக்கறையுள்ளவர், “எங்கள் கடற்கரைக் கிராமத்தில் புன்னை நிழலில்தான் வலை பின்னுவார்கள்” என்று எழுதுவார். குழுவுக்குத் தேர்வு செய்ய அது கைகொடுக்கும்.

பெட்டியைத் திறந்த பிறகு, வந்த பெயர்கள் எல்லாவற்றையும் எழுதியவர் பெயர் இல்லாமல் பலகையில் ஒட்ட வேண்டும். விலக்கப்பட்டதற்கு எதிரே எந்த விதியால் என்று குறித்தால் போதும். வாகையை எழுதிய பெண்ணுக்கு, அது விழுந்தது முதலெழுத்தால்தான் என்று தெரிந்துவிடும். வாக்கெடுப்புக்கு மூன்று நாளாவது முன்பே அந்தப் பட்டியல் பலகைக்கு வந்துவிட வேண்டும். விதி தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் ஒருவர் வந்து கேட்கவும், குழு அதைத் திருத்தவும் அவ்வளவு நேரம் தேவைப்படும்.