இருபது சொல்லில் ஒரு குதிரைவாலிப் பை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியெல்லாம் மானாவாரிக் காடு. கரிசல் மண்ணில் மழையை நம்பிப் பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் விதைக்கிறார்கள். இப்போது இந்தப் பக்கத்து உழவர்கள் சிலர் சேர்ந்து, விளைந்ததைத் தாங்களே பையில் கட்டி விற்கவும் தொடங்கியிருக்கிறார்கள். பையின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதவேண்டி வரும்போதுதான் எழுத்தாளரைத் தேடுகிறார்கள்.

அப்படி ஒரு குழு தங்கள் வாசகத்தோடு வருவதாக வைத்துக்கொள்வோம். வாசகம் இது:

‘எங்கள் நிறுவனத்தின் மூலம் பாரம்பரிய முறையில் உற்பத்தி செய்யப்பட்ட தரமான குதிரைவாலி அரிசி, சிறந்த முறையில் சுத்தம் செய்யப்பட்டு, நியாயமான விலையில் வாடிக்கையாளர்களுக்கு விநியோகம் செய்யப்பட்டு வருகிறது.’

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் குதிரைவாலி என்ற சொல்லை எடுத்துவிட்டு மிளகாய்வற்றல் என்றோ நல்லெண்ணெய் என்றோ போட்டாலும் இந்த வாசகம் அப்படியே நிற்கும். வாசகத்தின் நோய் அங்கேதான் இருக்கிறது. அதை வாயால் சொன்னால் எழுதிவந்தவர் மனம் நோகும், நம்பவும் மாட்டார். அதனால்தான் விளம்பர எழுத்தாளர்கள் மாதிரித்தாள் ஒன்று தயாரிக்கிறார்கள். பழைய வாசகமும் திருத்திய வாசகமும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

தாளின் மேலே வாடிக்கையாளர் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் போடவேண்டும். நாமே மோசமாக ஒன்றை எழுதி ‘முன்’ என்று காட்டுவது ஏமாற்று. வந்தவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அடுத்து, அதில் எந்தச் சொல்லைப் படம் பிடிக்க முடியும் என்று பார்க்கவேண்டும். குதிரைவாலி அரிசியைப் பிடிக்கலாம். நிறுவனம், பாரம்பரிய முறை, தரம், சிறந்த முறை, நியாயமான விலை ஆகியவற்றைப் பிடிக்க முடியாது. பிறகு வினைகளைப் பார்க்கவேண்டும். செய்யப்பட்ட, செய்யப்பட்டு, செய்யப்பட்டு வருகிறது என மூன்று இடத்திலும் வேலை நடக்கிறது, செய்தவர் இல்லை. உற்பத்தி, சுத்தம், விநியோகம் என்று பெயராக உறைந்துபோன வேலைகளைச் ‘செய்’ என்ற ஒரே துணைவினை தூக்கிக்கொண்டு போகிறது.

இதற்குப் பிறகு எழுத உட்காரக்கூடாது, கேள்வி கேட்கவேண்டும். எந்த மண், எப்போது விதைத்தீர்கள், எப்போது அறுத்தீர்கள், உமியை மட்டும் நீக்கினீர்களா, தவிட்டையும் தீட்டி எடுத்தீர்களா, கல் எப்படிப் போகிறது, பை எத்தனை கிலோ? பதில் வராத இடத்தில் நல்ல சொல் எதுவும் வந்து உட்காராது.

பதில்கள் வந்ததும், செயப்பாட்டுவினையை அப்படியே விட்டு, முதலில் பொதுச்சொற்களை மட்டும் மாற்றவேண்டும்:

‘திருச்சுழிக் கரிசலில் புரட்டாசி மழைக்கு விதைக்கப்பட்ட குதிரைவாலி, தை மாதம் அறுக்கப்பட்டு, உமி மட்டும் நீக்கப்பட்டு, கல் பொறுக்கப்பட்டு, ஒரு கிலோ பையில் வீட்டுக்கே அனுப்பப்பட்டு வருகிறது.’

அதற்குக் கீழே வினைகளையும் செய்வினையாக மாற்றவேண்டும்:

‘திருச்சுழிக் கரிசலில் புரட்டாசி மழைக்குக் குதிரைவாலி விதைக்கிறோம். தை மாதம் அறுக்கிறோம். உமியை மட்டும் நீக்கி, கல் பொறுக்கி, ஒரு கிலோ பையில் வீட்டுக்கே அனுப்புகிறோம்.’

பழையதில் இருபது சொல், நடுவில் உள்ளதிலும் இருபது, கடைசியில் பத்தொன்பது. இந்த அளவை வேண்டுமென்றேதான் காக்கிறோம். திருத்தியது நீளமாக இருந்தால், ‘இவ்வளவு இடம் கொடுத்தால் நாங்களும் எழுதியிருப்போம்’ என்பார்கள். எழுத்துருவும் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். இரண்டு மாற்றத்தையும் ஒரே தாவலில் செய்யாததற்கும் காரணம் உண்டு. படம் எங்கே வந்தது, ஆள் எங்கே வந்தார் என்று வாடிக்கையாளர் தனித்தனியாகக் காணவேண்டும். நடுப்பதிப்பில் காடும் மழையும் பையும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் காட்டில் யாரும் இல்லை. மூன்றாவதில்தான் உழவர் வந்து நிற்கிறார்.

படம் தரும் சொற்கள் நினைவில் தங்குகின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. கனடாவின் உளவியலாளர் ஆலன் பைவியோ இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கண்ணால் காணத்தக்க பொருளின் பெயர் மனத்தில் சொல்லாகவும் படமாகவும் பதிகிறது, கருத்துப் பெயர் பெரும்பாலும் சொல்லாக மட்டுமே பதிகிறது என்பது அவருடைய விளக்கம். இதை வாடிக்கையாளரின் கடையிலேயே சோதிக்கலாம். வருகிறவர்களில் சிலருக்குப் பழையதையும் வேறு சிலருக்குப் புதியதையும் காட்டி, வாங்கி வைத்துவிட்டு, சற்று நேரம் வேறு பேச்சுப் பேசியபின் ‘என்ன படித்தீர்கள்?’ என்று கேட்கவேண்டும். ஒருவருக்கே இரண்டையும் காட்டினால் சோதனை கெட்டுவிடும். பழையதைப் படித்தவர் ‘ஏதோ நல்ல அரிசின்னு போட்டிருந்தது’ என்று நிறுத்திக்கொண்டு, புதியதைப் படித்தவர் மழையையோ உமியையோ சொன்னால், அதற்குமேல் வாதம் தேவையில்லை.

செய்வினையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வேலையின் பெரும் பயனும் அதுவே என்பேன். ‘உமி நீக்கப்பட்டு’ என்று எழுதும்போது யார் நீக்கினார் என்ற கேள்வி எழுவதில்லை. ‘நீக்கி அனுப்புகிறோம்’ என்று எழுதியதும், ‘உமி நாங்க எடுக்கலைங்க, மில்லுல கொடுத்துத்தான் வாங்குறோம்’ என்று ஒருவர் சொல்வார். அப்படியானால் ‘ஆலையில் உமி நீக்கி வாங்கி’ என்று மாற்றவேண்டும். விளைச்சல் குறைந்த ஆண்டில் வேறு வட்டாரத்திலும் தானியம் வாங்கிச் சேர்ப்பார்கள் என்றால் ‘திருச்சுழிக் கரிசலில்’ என்ற தொடக்கமே அந்தப் பைக்கு ஆகாது. பொதுச்சொல் பொய்யைச் சுலபமாக மறைக்கும். மண், மாதம், எடை என்று எழுதிவிட்டால் அவை ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தாகவேண்டும்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் ‘இயற்கை’, ‘தூய’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று நிபந்தனை விதிக்கின்றன. அலங்காரத்துக்காகப் போட்ட ‘பாரம்பரிய முறை’ வெறும் பலவீனமான சொல் மட்டுமல்ல, விளக்கம் கேட்டால் பதில் சொல்லவேண்டிய சொல்லும்கூட. ‘சர்க்கரை நோயைத் தீர்க்கும்’ என்று செய்வினையில் திடமாக எழுதச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

எல்லா இடத்திலும் படு-வை விரட்டவேண்டும் என்பதில்லை. பையில் ‘அடைக்கப்பட்ட நாள்’ என்றே இருக்கட்டும். அடைத்தவர் யார் என்பது அங்கே யாருக்கும் வேண்டாம். பெயர்ச்சொல்லையும் ஆள் பார்த்துத்தான் போடவேண்டும். அருப்புக்கோட்டைக் கைத்தறிச் சேலைக்கு எழுதும்போது நூலின் நம்பரைச் சொன்னால் வியாபாரிக்கு அது திடமான செய்தி, சேலை கட்டுகிறவருக்கு வெறும் எண். அவருக்கு எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா, முதல் துவைப்பில் சாயம் போகுமா என்பதே வேண்டும்.

தாளைப் பார்த்ததும் பலர் சொல்வது, ‘பேசுற மாதிரி இருக்கே, கவுரவமா இல்லையே’ என்பதுதான். வாதிடாமல் மூன்றையும் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வாசகத்தில் மூச்சு எங்கே முட்டுகிறது என்று அவருக்கே தெரியும். பிறகும் பழையதே வேண்டும் என்றால் அவர் விருப்பம். பை அவருடையது.

கடைசியாக ஒன்று. பழைய வாசகத்தில் இருந்த ‘நியாயமான விலை’ புதியதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். விலையை அவர் இன்னும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தாளில் காலியாக விட்டு, ரூபாய்க் கணக்கை அவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். மண், மாதம், எடை என்று நீங்கள் சேர்த்த ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அவர் கையொப்பம் வாங்கிய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.