வீட்டு முகவரி மாறினாலும் வாசல் முகவரி மாறாமல்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நான்கு பேர். நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் மாங்கோடிபி அட்லஸ் என்ற மேகத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நால்வரில் ஒருவருடைய வீட்டில் இரவு மின்சாரம் போய் வருகிறது. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் தரவுத்தளம் அவரை உள்ளே விட மறுக்கிறது. கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. மாறியிருப்பது அவருடைய ஐபி முகவரி.

அட்லஸில் அனுமதிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத முகவரியிலிருந்து வரும் இணைப்பு, கடவுச்சொல்லைக் காட்டும் கட்டத்துக்கே வராது. ஆனால் வீட்டு பிராட்பேண்டின் முகவரி பெரும்பாலும் நிரந்தரமல்ல. ரவுட்டர் அணைந்து எழும்போது அது மாறிவிடலாம். கைபேசி இணையத்தில் ஒரே முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்வதும் சகஜம். அந்த முகவரியைப் பட்டியலில் சேர்த்தால், முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்ததாகிவிடும்.

அலுத்துப்போன யாரோ ஒருவர் ஒருநாள் பட்டியலில் `0.0.0.0/0` என்று எழுதிவிடுவார். உலகில் எங்கிருந்தும் வரலாம் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு நடுவில் நிற்கும் காவல் கடவுச்சொல் மட்டுமே. கடவுச்சொல்லும் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களுக்கு 2017 ஜனவரியில் என்ன ஆனது என்பது பதிவாகியிருக்கிறது: தரவை அழித்துவிட்டு, திருப்பித் தர பிட்காயின் கேட்டார்கள்.

நல்ல வழி, நால்வரும் ஒரே வாசல் வழியாக வெளியே போவது. அமேசானின் மேகத்தில் ஒரு சிறு சர்வரை எடுத்து, அதில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை நிறுவலாம். சர்வருக்கு ‘எலாஸ்டிக் ஐபி’ என்ற நிலையான முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது அதன் முகவரியும் மாறிப்போகும். 2024 பிப்ரவரியிலிருந்து இத்தகைய முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் கட்டணம். மாதத்துக்கு நான்கு டாலருக்கும் குறைவு. பொதுமக்களுக்கு விற்கப்படும் சாதாரண விபிஎன் சந்தா இங்கே உதவாது. அதன் வெளிவாசலை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

சர்வரின் முகவரி 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். அட்லஸ் பட்டியலில் அதை `203.0.113.25/32` என்று எழுத வேண்டும். கடைசியிலுள்ள 32 இந்த ஒரே முகவரியைக் குறிக்கிறது. 24 என்று எழுதினால் 256 முகவரிகளுக்குக் கதவு திறந்துவிடும்.

இங்கே குழப்பம் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஊழியரின் வயர்கார்டு அமைப்பில் `AllowedIPs = 0.0.0.0/0` என்று எழுதுவது சரியானதே. மடிக்கணினியிலிருந்து போகும் ஐபிவி4 போக்குவரத்து முழுவதும் விபிஎன் வழியாகப் போகட்டும் என்பதே அங்கே அதன் பொருள். அதே எண்கள் அட்லஸ் பட்டியலில் இருந்தால்தான் ஆபத்து.

இணைத்த பிறகு ஒவ்வொருவரும் இதைத் தட்டிப் பார்க்க வேண்டும்:

```
curl https://checkip.amazonaws.com
```

விடையாக 203.0.113.25 வந்தால் வழி சரி. வீட்டு முகவரி வந்தால் போக்குவரத்து விபிஎன்னுக்குள் போகவில்லை. தரவுத்தளம் காட்டும் பிழையிலும் தடயம் இருக்கிறது. `bad auth` என்றால் வாசலைத் தாண்டியாயிற்று, தவறு கடவுச்சொல்லில். நெடுநேரம் காத்திருந்து `ServerSelectionError` என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அனுமதிப் பட்டியலை.

பழைய `0.0.0.0/0` வரியை நீக்கும் கட்டத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள். நிறுவனத்தின் இணையதளம் ஓடும் சர்வரும் இத்தனை நாளாக அந்தத் திறந்த கதவு வழியாகவே தரவுத்தளத்துக்குப் போய்வந்திருக்கும். அதன் முகவரியைத் தனியாகச் சேர்க்க யாருக்கும் அவசியமே வந்திருக்காது. வரியை நீக்கியதும் ஊழியர்கள் உள்ளே இருப்பார்கள், வாடிக்கையாளர்களுக்குத் தளம் நின்றுபோகும். அதுவும் உடனே நிற்காமல் போகலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் சிறிது நேரம் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், பத்து நிமிடம் எல்லாம் சரியாக ஓடுவதாகத் தோன்றும். ஆகவே தரவுத்தளத்தைத் தொடும் சர்வர்கள், இரவு நேரக் காப்பு நகல் வேலைகள் எல்லாவற்றின் முகவரிகளையும் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு நீக்கி, சர்வர்களை மறுதொடக்கம் செய்து பார்ப்பதே முறை. விபிஎன்னை அணைத்துவிட்டு ஒருமுறை இணைக்க முயல வேண்டும். அப்போது இணைப்பு கிடைக்கக் கூடாது.

எல்லோரும் ஒரே வாசலில் வருவதால் முகவரியை மட்டும் வைத்து யார் என்ன செய்தார் என்று சொல்ல முடியாது. எனவே தரவுத்தளத்தில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அந்தக் கணக்கையும், வயர்கார்டு சர்வரில் உள்ள அவருடைய சாவியையும் நீக்க வேண்டும். பட்டியலில் உள்ள முகவரியைத் தொட வேண்டியதில்லை.

விபிஎன் சர்வர் படுத்துவிட்டால் நால்வரும் ஒரே நேரத்தில் வெளியே நிற்பார்கள். அதற்காக இன்னொரு நிலையான முகவரியோடு இரண்டாவது சர்வரை வேறொரு பகுதியில் வைத்து, இரண்டையும் முன்கூட்டியே பட்டியலில் சேர்த்துவைக்கலாம். அந்த வசதி இல்லாத நாளில், அவசரத்துக்கு ஒருவருடைய வீட்டு முகவரியைச் சேர்க்கும்போது அட்லஸில் உள்ள தற்காலிக அனுமதியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறு மணி நேரம் என்று குறித்தால் அது தானாகவே பட்டியலிலிருந்து போய்விடும்.