வழக்கு ஜவுளிக்கடை மேல், செலவு யார் மேல்?

கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடை, சிறிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்றிடம் 80,000 ரூபாய்க்கு இணையதளம் செய்து வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் தறியின் படம் ஒன்று அழகாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு புகைப்படக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. படம் அவருடையது, அனுமதி வாங்கவில்லை, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வேண்டும் என்கிறார்.

நோட்டீஸ் வந்திருப்பது கடைக்காரருக்கு. படத்தை எடுத்துப் போட்டது வடிவமைப்பாளர்தான் என்றாலும், புகைப்படக்காரரைப் பொறுத்தவரை அதைத் தன் தளத்தில் ஊருக்குக் காட்டியவர் கடைக்காரர். அவர் தாராளமாகக் கடைக்காரர் மேல் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் இருக்கும் இன்டெம்னிட்டி பிரிவு இதைத் தடுக்காது. வழக்கு யார் மேல் என்பதை அது மாற்றுவதில்லை; கடைசியில் பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதைத்தான் மாற்றுகிறது.

எப்படி என்று பார்ப்போம். வழக்கு 3 லட்சத்துக்குச் சமரசமாகிறது, வக்கீல் செலவு 1,20,000 ரூபாய். மொத்தம் 4,20,000. இன்டெம்னிட்டி இல்லையென்றால் கடைக்காரர் வடிவமைப்பாளர் மேல் ஒப்பந்த மீறல் வழக்குப் போட்டு, மீறல் நடந்தது, அதனால் இயல்பாக விளைந்த நஷ்டம் இது என்று ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். இருந்தால் வேலை எளிது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 125ஆம் பிரிவில், வழக்கில் கட்ட நேர்ந்த நஷ்டஈடு, வழக்குச் செலவு, சமரசத் தொகை மூன்றையும் உறுதி கொடுத்தவரிடம் கேட்கலாம் என்கிறது. ஆனால் செலவுக்கும் சமரசத்துக்கும் நிபந்தனை உண்டு. உறுதி கொடுத்தவர் சொன்னதற்கு மாறாக நடந்திருக்கக் கூடாது; அப்படி ஓர் உறுதியே இல்லாவிட்டாலும் விவேகமுள்ளவர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்திருக்க வேண்டும். ‘கொடுக்கப்போவது வேறொருவர்தானே’ என்று கேட்ட தொகையை அள்ளிக் கொடுத்துவிட்டு வந்து கேட்டால், அதைத் திருப்பித் தர மறுக்க வடிவமைப்பாளருக்கு வழி இருக்கிறது. அதனால் நோட்டீஸ் வந்ததும் அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது முதல் காரியம்.

முதலில் கையை விட்டுக் கட்டிவிட்டு அப்புறம்தான் கேட்க வேண்டுமா? 1942இல் கஜானன் மோரேஷ்வர் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி சாக்ளா இதற்குப் பதில் சொன்னார். பணம் கட்டவேண்டிய பொறுப்பு உறுதியாகிவிட்டால், கட்டுவதற்கு முன்பே உறுதி கொடுத்தவரை அதைத் தீர்க்கச் சொல்லலாம் என்பது அவர் தீர்ப்பு. கையில் பணமில்லாதவருக்கு இது பெரிய ஆறுதல். இல்லாவிட்டால் 4 லட்சத்தைப் புரட்ட முடியாதவர் அந்த உரிமையைத் தொடவே முடியாது.

இனி மறுபக்கம். வடிவமைப்பாளர் 80,000 வாங்கி 4,20,000 கொடுக்க வேண்டியிருக்கிறது. படத்தைத் தவறாக எடுத்தது அவர் என்றால் அது நியாயம்தான். ஆனால் பல ஒப்பந்தங்களில் ‘இந்தச் சேவை தொடர்பாக எழும் எந்தக் கோரிக்கைக்கும்’ அவர் பொறுப்பு என்று எழுதியிருக்கும். அப்போது படத்தைக் கொடுத்தவர் கடைக்காரராகவே இருந்தாலும் செலவு வடிவமைப்பாளர் தலையில் விழக்கூடும். பிறர் செய்த தவறுக்கும் உறுதி கொடுக்கலாம் என்று 124ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எழுத்து அவ்வளவு அகலமாக இருக்கையில், ‘நான் செய்யவில்லையே’ என்பது அவருக்கு அதிகம் உதவாது. என் பார்வையில் சிறிய நிறுவனங்களை மூழ்கடிப்பது இந்த ஒரு வரிதான்.

இன்னொரு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘எங்கள் மொத்தப் பொறுப்பு வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது’ என்று ஒப்பந்தத்தின் வேறொரு மூலையில் இருக்கலாம். இன்டெம்னிட்டியும் அதற்குள் அடங்கினால் கடைக்காரருக்குக் கிடைப்பது 80,000 மட்டும். மீதி 3,40,000 அவருடைய சொந்தச் செலவு. இன்டெம்னிட்டிக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று எழுதியிருந்தால் நிலைமை தலைகீழ். இரு பிரிவுகளும் ஒன்றையொன்று பற்றிப் பேசாமல் விட்டுவிட்டால், சண்டை அந்த மௌனத்தைப் பற்றியே நடக்கும்.

இவ்வளவும் உறுதி கொடுத்தவரிடம் பணம் இருக்கும்வரைதான். அவர் நொடித்துப்போனால் புகைப்படக்காரருக்குக் கொடுக்கவேண்டியது கடைக்காரரே. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் சேவை தருபவரிடம் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டையும் கேட்கின்றன.

சேவை தருபவராக நீங்கள் கையெழுத்திடுகிறீர்களா? நீங்கள் கொண்டுவந்த படம், எழுத்து, நிரல் ஆகியவற்றால் எழும் கோரிக்கைக்கு மட்டுமே பொறுப்பு என்றும், உங்களுக்கு உடனே தகவல் தர வேண்டும், உங்களைக் கேட்காமல் சமரசம் செய்யக் கூடாது என்றும் எழுதிக் கேளுங்கள். சேவை வாங்குபவரானால், பொறுப்பு வரம்பு இன்டெம்னிட்டிக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று ஒரு வரியில் தெளிவாக எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.