குறிப்பு ஏதுமின்றி வரும் ரெஸ்யூம்: அனுப்பியவரின் நோக்கத்தை அறிவது எப்படி?

கல்வி, பணி அனுபவம், திறன்கள் ஆகியவற்றை ஓரிரு பக்கங்களில் தொகுத்துத் தரும் தன்விவரக் குறிப்பு, அதாவது ரெஸ்யூம், ஒரு வரி விளக்கமும் இல்லாமல் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து சேரும்போது, அதை வேலைக்கான விண்ணப்பமாகக் கொள்வதா, குறைநிறை கேட்டு அனுப்பியதாகக் கொள்வதா, வடிவத்தை மட்டும் மாற்றித் தரும்படி கேட்பதாகக் கொள்வதா என்பதைப் பெறுபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணிப்பில் முதல் சான்று கோப்புக்குள் இல்லை. அதைப் பெற்றவர் யார் என்பதில்தான் இருக்கிறது. ஒரே கோப்பு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அலுவலருக்குப் போனால் விண்ணப்பமாகவும், கல்லூரிப் பேராசிரியருக்குப் போனால் ஆலோசனை கேட்பதாகவும், தட்டச்சு செய்து கொடுக்கும் கடைக்குப் போனால் வடிவ மாற்றத்துக்கான வேலையாகவும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆள்சேர்ப்பு அலுவலருக்கு, முன்பே ஓரளவு அறிமுகமான சிஎன்சி ஆபரேட்டர் ஒருவர் resume_final_2.docx என்ற கோப்பை மட்டும் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பு திருத்தத்தக்க வேர்டு வடிவத்தில் இருக்கிறது. விவரங்கள் அடங்கிய அட்டவணை வலப்பக்க ஓரத்தைத் தாண்டி ஓடுகிறது. இறுதியில் உள்ள உறுதிமொழிப் பகுதியில் இடமும் தேதியும் நிரப்பப்படவில்லை. கோப்பின் பண்புகளில் ஆசிரியர் என்று வேறொருவர் பெயர் காணப்படுகிறது. இவற்றை அடுக்கிப் பார்ப்பவருக்கு, இது முடிவுறாத கோப்பு, ஆகவே திருத்தித் தரும்படி கேட்கிறார் என்றே தோன்றும்.

ஆனால் ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் இந்த நான்குமே வலுவற்ற சான்றுகள் என்பது தெரியவரும். பிடிஎஃப், அதாவது எந்தக் கருவியில் திறந்தாலும் தோற்றம் மாறாத வடிவம், விண்ணப்பத்துக்கு ஏற்றது என்பதை அறியாமலே பலர் வேர்டு கோப்பை அனுப்புகிறார்கள். கணினியில் ஒழுங்காக நிற்கும் அட்டவணை கைபேசியில் எழுத்துரு மாறுவதாலேயே கலைந்துபோகும். தேதியை அச்செடுத்த பின் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று காலியாக விடுவதும் உண்டு. ஆசிரியர் பெயர், பிரவுசிங் சென்டர் கணினியில் பதிவான கடைக்காரரின் பெயராக இருக்கலாம். நண்பரின் கோப்பை நகலெடுத்துத் தம் விவரங்களை நிரப்பியதன் எச்சமாகவும் இருக்கலாம்.

வலுவான சான்றுகள் வேறு வகையானவை. பதவியின் பெயரோ விளம்பர எண்ணோ கோப்பின் பெயரில் இருப்பதும், எதிர்பார்க்கும் சம்பளமும் நோட்டீஸ் காலமும் (தற்போதைய வேலையிலிருந்து விலகுவதற்கு முன் தர வேண்டிய அவகாசம்) குறிக்கப்பட்டிருப்பதும் விண்ணப்பத்தையே காட்டுகின்றன. வரிகளுக்கு நடுவே “இதைச் சேர்க்கலாமா?” என்று விடப்பட்ட கேள்வியோ, ஒரே ரெஸ்யூமின் இரு வேறு பதிப்புகள் ஒன்றாக வருவதோ கருத்து கேட்பதைக் காட்டும். நிரப்பப்படாத மாதிரிப் படிவம் ஒன்று பழைய ரெஸ்யூமுடன் சேர்ந்து வந்தால், அது வடிவ மாற்றத்துக்கே என்பதில் ஐயம் குறைவு. கோவை அலுவலரிடம் வந்த கோப்பில் இவற்றுள் ஒன்றுகூட இல்லையாதலால், அவருடைய பதவியை வைத்து விண்ணப்பம் என்று ஊகிக்கலாமே தவிர, அதற்கு மேல் துணிவதற்கு இடமில்லை.

இந்த இடத்தில் எது சரி என்பதைவிட எந்தப் பிழை கூடுதல் தீங்கு தரும் என்பதே பெரிது. விண்ணப்பத்தை ஆலோசனைக் கோரிக்கையாக எண்ணித் திருத்தம் சொன்னால் சிறிது நேர இழப்பும் மனத்தாங்கலும்தான் மிஞ்சும். மாறாக, ஆலோசனை கேட்டவரின் ரெஸ்யூமை விண்ணப்பமாக எண்ணிப் பிற நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டால், செய்தி அவருடைய தற்போதைய முதலாளியின் காதுக்கே எட்டலாம். அதைத் திரும்பப் பெற வழியில்லை. தனிநபர் தரவை அது தரப்பட்ட நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாடு இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருப்பதால், நோக்கம் தெரியாத கோப்பைப் பிறருக்கு அனுப்பாமல் வைத்திருப்பதே முறை.

ஆகவே அலுவலர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். “என்ன வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் எதிர்த்தரப்பு தயங்கும், அல்லது “சும்மா பாருங்க சார்” என்று பதில் வரும். “ரெஸ்யூம் கிடைத்தது. எங்கள் நிறுவனத்தில் வேலைக்காகவா, திருத்தம் சொல்ல வேண்டுமா, அல்லது வடிவம் மட்டும் மாற வேண்டுமா?” என்று தெரிவுகளைத் தந்தால் ஒரே சொல்லில் விடை கிடைக்கும். “வேலைக்குத்தான் சார், ஆனா சரியா இருக்கான்னு பார்த்துட்டு எடுத்துக்கோங்க” என்பது போன்ற பதில் வந்தால் நோக்கங்கள் இரண்டு என்றாகிறது. அப்போது திருத்தங்களை முதலில் சொல்லி, அவர் திருத்தி அனுப்பும் பதிப்பையே விண்ணப்பமாகப் பதிவு செய்து, பழைய கோப்பை நீக்கிவிடுவது தேர்வுக் குழுவிடம் இரு பதிப்புகள் சுற்றுவதைத் தவிர்க்கும்.